யாரும் திருப்பிக் கேட்காத பணம்

தங்கை கல்யாணத்துக்கு மூன்று லட்சம் குறைகிறது என்றால், மாதச் சம்பளக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது பி.எஃப். கணக்குதான். இணையத்தில் படிவம் 31-ஐத் திறந்து, காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஓடிபி எண்ணைப் போட்டால் விண்ணப்பம் முடிந்தது. வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, தவணையும் இல்லை.

அந்தத் தவணை இல்லாததில்தான் சிக்கலே இருக்கிறது.

கணக்குக்காக 35 வயது ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சொந்தப் பங்கு வட்டியோடு 6 லட்சம். அதில் பாதியான 3 லட்சத்தைக் கல்யாணத்துக்கு எடுக்கிறார். 2024-25இல் பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி நீடித்தால், எடுக்காமல் விட்ட 3 லட்சம் அவருடைய 58 வயதில் சுமார் 18 லட்சத்து 58 ஆயிரம் ஆகியிருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று கழித்துப் பார்த்தால், இன்றைய மதிப்பில் அது 6 லட்சம். பெரிய எண்ணைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. இந்த 6 லட்சமே போதுமான இழப்பு.

இதற்குப் பதில் அவர் 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடன் வாங்கியிருந்தால்? மாதம் ஏறக்குறைய 9,960 ரூபாய் தவணை, மொத்த வட்டி சுமார் 58,700. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் பி.எஃப். பணம்தான் மலிவு. ஆனால் வங்கி மாதாமாதம் கேட்டு வாங்கிவிடும்; மூன்றாண்டில் கடன் தீரும், வைப்பு நிதியும் வளர்ந்துகொண்டே இருக்கும். பி.எஃப். கணக்கில் விழுந்த பள்ளத்தை நிரப்பச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

பழைய விதியில் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் பணம் எடுக்க ஏழு ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும். சொந்தப் பங்கில் பாதிதான், மூன்று முறைதான். 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு இதைத் தளர்த்த முடிவெடுத்தது. 12 மாதச் சேவை போதும். படிப்புக்கு 10 முறை, கல்யாணத்துக்கு 5 முறை எடுக்கலாம். நிறுவனத்தின் பங்கிலும் கை வைக்கலாம். 25 சதவீதம் மட்டும் கணக்கில் இருக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு இது உதவி. ஆனால் பத்து முறை எடுத்தவரின் கணக்கில் கூட்டு வட்டி வளர அதிக இடம் இருக்காது.

ஆஸ்பத்திரிச் செலவு என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். கல்யாணம் அப்படியல்ல, அது தேதி தெரிந்த செலவு.

எடுத்தாயிற்று என்றாலும் வழி உண்டு. எடுத்த தொகையை ஒரே தவணையில் திரும்பக் கட்ட முடியாது. ஆனால் கட்டாயமான 12 சதவீதத்துக்கு மேல் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். வி.பி.எஃப். என்பது இதுதான், வட்டியும் அதே வட்டி. மேலே சொன்ன ஊழியர் மாதம் ஏறக்குறைய 6,150 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால், ஐந்தாண்டில் அவர் கணக்கு பணம் எடுக்காதவரின் கணக்கை எட்டிவிடும். பல நிறுவனங்கள் இந்த விருப்பத்தை ஏப்ரலில் மட்டுமே ஏற்கின்றன. அதனால் படிவம் 31-ஐ அனுப்பும்போதே, வி.பி.எஃப். எப்போது தொடங்கலாம் என்று சம்பளப் பிரிவில் கேட்டுவைப்பது நல்லது.