வெதுவெதுப்பு வேறு, வேக்காடு வேறு

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் பொழுது புலரும் முன்னரே தொலைபேசி ஒலித்தது. கனடாவிலுள்ள டொராண்டோ நகரிலிருந்து என் தங்கை பேசினாள். அங்கே அப்போது இரவு உணவு வேளை.

"அக்கா, காலையில் ஏழரை மணிக்கு ஸ்லோ குக்கரில் கோழிக்குழம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இப்போது வந்து பார்த்தால், திருகு 'லோ' என்ற இடத்தில் இல்லை. 'வார்ம்' என்ற இடத்தில் இருக்கிறது. குழம்பு சூடாகத்தான் இருக்கிறது. மணமும் நன்றாக இருக்கிறது. ஒரு கொதி கொதிக்கவைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?"

அவளுடைய பிள்ளைக்கு வயது மூன்று. "இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. எலும்பில் படாமல், தொடைக்கறியின் கனத்த பாகத்தில் செருகிப் பார்க்கச் சொன்னேன். 58 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. "கொட்டிவிடு" என்றேன். ஒன்றரைக் கிலோ கறியைக் கொட்டுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. காரணம் கேட்டாள். அவளுக்குச் சொன்ன காரணத்தையே வாசகியர்க்கும் சொல்லுகிறேன். வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் இக்கலன் உண்டு. நம் ஊர்களிலும் சிலர் வாங்கியிருக்கின்றனர்.

ஸ்லோ குக்கர் என்பது 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'கிராக் பாட்' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்து பரவிய மின்கலன். கனமான பீங்கான் பாத்திரம் ஒன்று உலோக உறைக்குள் அமர்ந்திருக்கும். உறையின் உட்புறத்தில் ஓடும் கம்பி, பாத்திரத்தை மெல்லச் சூடேற்றும். 'ஹை' என்று வைத்தாலும் 'லோ' என்று வைத்தாலும், பெரும்பாலான கலன்களில் உணவு இறுதியில் கொதிநிலையை அடுத்த வெப்பத்தையே அடைகிறது. ஹையில் மூன்று நான்கு மணி நேரத்தில் அடைவதை லோவில் ஏழெட்டு மணி நேரத்தில் அடைகிறது, வேறுபாடு காலத்தில்தான். 'வார்ம்' என்பதோ சமைப்பதற்கான நிலையே அன்று. ஏற்கெனவே வெந்து கொதித்த உணவு ஆறிவிடாமல் காப்பதற்கு வேண்டிய சிறு வெப்பத்தை மட்டுமே அது தரும். குளிர்ந்த கறியையும் குளிர்ந்த நீரையும் அதில் வைத்தால், அவை சூடேறுவதற்குள் பகற்பொழுதே கழிந்துவிடும்.

சோறு வடிக்கும் மின்கலனில் பழகியவர்கள் இவ்விடத்தில் எளிதில் ஏமாறுகிறார்கள். அதில் சோறு வெந்தபின் விசை தானாகவே 'வார்ம்' நிலைக்கு மாறும். ஆகவே அச்சொல்லைக் கண்டதும் 'வேலை நடக்கிறது' என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது.

உணவு ஏறக்குறைய 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை நிற்கும் இடைவெளியே நோய்க்கிருமிகள் பெருகும் வெளி. 5-க்குக் கீழே பெரும்பாலானவை சோம்பிக் கிடக்கும். 60-க்கு மேலே பெருக இயலாது. ஏற்ற சூட்டில் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். நான்கு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தையும் கடந்துவிடும். தங்கையின் குழம்போ பதினொரு மணி நேரத்திற்குப் பின்னும் 60-ஐத் தொடவில்லை. அந்நேரம் முழுவதும் அது கிருமிகளுக்கு ஏற்ற வெளியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது.

"இப்போது கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடாதா?" என்று அவள் கேட்டாள். கிருமிகளிற் பல செத்துவிடும். ஆனால் அவை விட்டுச்சென்றது சாகாது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் சுரக்கும் நஞ்சு, கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கி நிற்கும். இறைச்சிக் குழம்புகளில் காணும் கிளாஸ்ட்ரிடியம் இனத்தின் வித்துக்களும் கொதிநீரில் பிழைத்திருந்து, சூடு தணிந்ததும் மீண்டும் முளைக்கும். மணமோ நிறமோ சுவையோ இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: உணவு எவ்வளவு சூடேறியது? அச்சூட்டை அடைய எவ்வளவு நேரம் எடுத்தது? கோழி இறைச்சி அதன் நடுப்பாகத்தில் 74 டிகிரியை எட்டவேண்டும். கொத்திறைச்சிக்கு 71 போதும். ஆனால் அதற்கு முன், முதல் நான்கு மணி நேரத்திற்குள்ளாகவே 60-ஐக் கடந்திருக்கவேண்டும். இரண்டாவது தவறினால் முதலாவதால் பயனில்லை.

இதற்கு உதவும் பழக்கங்கள் சில உண்டு. உறைந்த கறியை அப்படியே இடலாகாது. முந்திய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைபனி நீக்கிக்கொள்ளவேண்டும். குழம்புக்கு ஊற்றும் நீரைக் கொதிக்கவைத்து ஊற்றுவது நன்று. பாத்திரம் பாதிக்குக் குறையாமலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்து, பின்னர் லோவுக்கு மாற்றினால் அபாய வெளியை விரைவாகக் கடந்துவிடலாம். மூடியை அடிக்கடி திறக்கவேண்டாம். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். மீந்த உணவை இக்கலனில் சூடாக்காமல், அடுப்பில் கொதிக்கவைத்த பின்னரே வார்மில் வைக்கவேண்டும். நாம் வீட்டில் இல்லாத வேளையில் மின்சாரம் நின்றிருந்தால், கறி வெந்தாற்போல் தோன்றினும் அதை உண்ணலாகாது.

ராஜ்மாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இங்கே குற்றவாளி கிருமியன்று. அவ்விதையிலேயே உள்ள நஞ்சு. முழுக் கொதிப்பில்தான் அது அழியும். 80 டிகிரி அளவில் மெதுவாக வெந்தால், பச்சை விதையைவிட நஞ்சு மிகுதியாகக்கூடும். நான்கைந்து விதைகளே கடுமையான வாந்தியை உண்டாக்கப் போதும். ஆகவே இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணி நேரம் அடுப்பில் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே ஸ்லோ குக்கரில் இடவேண்டும்.

பழைய கலன் சரியாகச் சூடேறுகிறதா என்று அறியவும் எளிய வழி உண்டு. பாத்திரத்தில் பாதி அளவுக்குக் குழாய் நீரை ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்னர் மூடியைத் திறந்தவுடனே வெப்பமானியை நீரில் அமிழ்த்துங்கள். தாமதித்தால் சூடு இறங்கிவிடும். 85-இலிருந்து 93 டிகிரிக்குள் இருந்தால் கலன் நலமாக உள்ளது. 85-க்குக் குறைந்தால் அதில் இறைச்சி சமைப்பதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்த ஞாயிறன்று தங்கை மீண்டும் அழைத்தாள். நீரை வைத்துச் சோதித்தாளாம். 88 டிகிரி காட்டியதாம். கலனில் குறை இல்லை. இப்போது அவள் திருகின் 'வார்ம்' என்ற எழுத்தின்மேல் சிவப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறாள். கொதித்த குழம்பை இறக்கி வைக்கும்போது மட்டுமே அதை எடுக்கிறாளாம்.