முன்பு வேலை செய்தவர், இன்னும் வேலை செய்கிறார்

பதினான்கு பேர் கொண்ட ஒரு குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனத்தில் சென்ற விடுமுறையில் வேலைப் பயிற்சி செய்தேன். ஒருநாள், விலைப்புள்ளி அனுப்பியிருந்த வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "திட்ட மேலாளர் என்று குறிப்பிட்டிருப்பவர் உங்களிடம்தான் வேலை செய்கிறாரா?" என்று கேட்டிருந்தார். மேலாளர் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவரது லிங்க்ட்இன் பக்கம் பழைய நிறுவனத்தையே காட்டியது.

"தம்பி, மற்றவர்களுடையதையும் பார்த்துவிடு," என்றார் முதலாளி. பார்த்தேன். எட்டுப் பேர் தொழில்நுட்பர்கள். அவர்களுக்குக் கணக்கே இல்லை, தேவையும் இல்லை. அலுவலகத்தினர் அறுவர். ஆனால், நிறுவனப் பக்கத்தில் ஏழு பேர் தெரிந்தனர். அவர்களில் மூவர் எப்போதோ விலகியவர்கள். கணக்காளர் அக்கா எல்லாவற்றையும் சரியாக எழுதியும் பட்டியலில் இல்லை. நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்தவர், கீழே தோன்றும் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படிச் செய்தால் அந்தப் பதிவு நிறுவனப் பக்கத்துடன் இணையாது. சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் படம் இருந்தால், கோளாறு இதுதான் என்று அறியலாம்.

"வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் புதுப்பிக்க வேண்டும்" என்று முதலாளி குழுச் செய்தி அனுப்பினார். ஒருவரும் அசையவில்லை. காரணத்தை மேலாளர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதைத் தொட்டாலே வேறு வேலை தேடுகிறேன் என்று நினைப்பார்கள்."

இந்த அச்சத்தைப் போக்காமல் வற்புறுத்துவது வீண் என்பது என் கருத்து. பக்கம் ஊழியருடையது, நிறுவனத்தால் அதைத் திருத்த முடியாது. நிறுவனம் கேட்கக்கூடியது குறைவு: இப்போதைய பதவி, சேர்ந்த மாதம், சரியாக இணைக்கப்பட்ட நிறுவனப் பெயர். நிறுவனத்தின் பதிவுகளை எல்லாரும் பகிர வேண்டும் என்று முதலாளி அதே செய்தியில் சேர்த்திருந்தது தேவையற்றது. பத்துப் பேர் ஒரே வாசகத்தைப் பகிர்ந்தால், என்னைப் போல் வேலை தேடும் மாணவருக்குச் சிரிப்புதான் வரும்.

பிறகு முதலாளியே முதலில் தம் பக்கத்தைத் திருத்தினார். வேலை நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினார். பதவியை மாற்றும் படிவத்தில் உள்ள Notify network என்பதை அணைத்துவிட்டால் மாற்றம் குறித்த அறிவிப்பு யாருக்கும் போகாது என்று நான் காட்டியதும் மேலாளரின் முகம் தெளிந்தது. அன்று மாலையே வாடிக்கையாளருக்குப் பதில் போனது.

விலகிய மூவருக்கும் பணிவாக எழுதினோம். இருவர் தங்கள் பணி முடிந்த மாதத்தைச் சேர்த்தனர். மூன்றாமவரிடமிருந்து பதில் இல்லை. நான் பயிற்சி முடித்து வந்தபோதும் அவர் அங்கேதான் 'வேலை செய்து' கொண்டிருந்தார்.