பெயரைத் திருத்தச் சொன்னால் ராஜினாமாவா?

கோவை வட்டாரத்துப் பஞ்சாலை ஒன்றில் வேலை செய்யும் திருநங்கைத் தோழர் ஒருவர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் நம் முன் இருக்கிறது. ஒரே பக்கம். கெஞ்சல் கிடையாது. மாவட்ட ஆட்சித் தலைவர் வழங்கிய சான்றிதழ், பெயர் மாற்றம் வெளியான அரசிதழ், புதிய ஆதார் ஆகியவற்றை இணைத்து, வருகைப் பதிவேட்டிலும் சம்பளச் சீட்டிலும் சேமநல நிதிக் கணக்கிலும் தமது பெயரையும் பாலினத்தையும் திருத்தக் கோருகிறார். வேலையில் சேர்ந்த தேதியும் டோக்கன் நம்பரும் மாறக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி. விவரம் அறிந்த தொழிலாளியின் வரி அது!

நிர்வாகத்தின் பதில் என்ன? "ராஜினாமா எழுதிக் கொடு, புதுப் பெயரில் புதிதாகச் சேர்த்துக் கொள்கிறோம்." வாய்மொழியாகத்தான், எழுத்தில் தர மறுக்கிறார்கள்.

என்ன தாராளம்! இந்தத் தாராளத்தின் விலையைக் கணக்குப் பார்ப்போம். தோழரின் அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாய். சர்வீஸ் 4 ஆண்டு 4 மாதம். நிரந்தரத் தொழிலாளி ராஜினாமா செய்யும்போது பணிக்கொடை பெற 5 ஆண்டு இடையறாத சர்வீஸ் வேண்டும். மாதத்தை 26 நாளாகக் கொண்டு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. அதாவது ஆண்டுக்கு 7,500. ஐந்தாண்டுக்கு 37,500 ரூபாய். இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. இன்று ராஜினாமா எழுதினால் காலணாவும் இல்லை. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். சீனியாரிட்டியும் அதோடு போயிற்று.

சேமநல நிதி சங்கதி இன்னும் மோசம். கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்றால், பணம் கேட்கும் மனு திரும்பி வந்துவிடும். திருத்துவதற்குத் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி உண்டு. 2025 ஜனவரியில் இதைத் தளர்த்தியபோதும், 2017 அக்டோபருக்கு முந்திய கணக்கெண்களுக்கு நிர்வாகத்தின் ஒப்புதலை நீக்கவில்லை. இந்தத் தோழரின் எண், முன்பு வேறு ஆலையில் பெற்ற பழைய எண். ஆக, அவர் கூலியிலிருந்து பிடித்த பணத்துக்கே நிர்வாகத்தின் சம்மதம் வேண்டியிருக்கிறது!

பதிவேட்டைத் திருத்த வழியில்லையாம். கல்யாணமான பெண் கணவர் பெயரைச் சேர்க்கச் சொன்னால் வழி இருக்கிறது. ஜோசியர் சொன்னாரென்று சூப்பர்வைசர் ஓர் எழுத்தைக் கூட்டினால் வழி இருக்கிறது. அவர்களிடம் யாரும் ராஜினாமா கேட்டதில்லை. இது பாரபட்சம் அல்லாமல் வேறென்ன? வேலை விஷயத்தில் திருநங்கையரிடம் பாரபட்சம் காட்டக் கூடாதென்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறிற்று; புகார் அதிகாரி ஒருவரை நியமிக்கும்படி 11ஆம் பிரிவு கூறிற்று. அந்த அதிகாரி யாரென்று தோழர் கேட்டார். ஆபீசில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்களாம்.

நம்மவர்களையும் விடுவதற்கில்லை. கடிதம் சங்கக் கிளைக்கு வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். கணக்கைப் படித்துக் காட்டிய பிறகு சிரிப்பு அடங்கிற்று.

ராஜினாமாக் கடிதத்தில் தோழர் கையெழுத்திட மாட்டார். கூட்டு உறுதிமொழியில் நிர்வாகம் கையெழுத்திட வேண்டும்; மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வரும் திங்கட்கிழமை கிளைச் செயலாளரும் அவரோடு ஆபீசுக்குப் போகிறார்.