'செஹிங்கா' என்று ஒரு சொல்

கோழிக் குழம்பை நம்பித்தான் கிள்ளானிலிருந்து தோட்டத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உட்காரும் முன்பே எஸ்டிஆர், சாரா பந்துவான் பற்றிய ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். கடை வாசலில் யாரோ கொடுத்தார்களாம். நடுவில் கொட்டை எழுத்தில் 4,600 வெள்ளி. அதன் தலையில் எறும்பு மாதிரி 'செஹிங்கா'. "அண்ணே, இதுல வாஷிங் மெஷின் வாங்கிடலாம்ல?" என்கிறாள். 'வரைக்கும்' என்று சொல்ல அவ்வளவு பொடி எழுத்தா ஐயா?

2025 எஸ்டிஆர் பந்துவானில் ஒரு குடும்பத்துக்கு உச்சமே 2,500தான். அதற்கும் ஐந்து பிள்ளைகளாவது வேண்டும், புருஷன் பொண்டாட்டி வருமானம் மாதம் 2,500ஐத் தாண்டக்கூடாது. மீதி 2,100 சாரா. அதை முழுசாக வாங்க ஈ-காசே பட்டியலில் பேர் இருக்க வேண்டும். காசாகவும் கைக்கு வராது. ஐசியைக் கொடுத்து அரிசி, முட்டை வாங்கிக்கொள்ளலாம்.

"நாங்க 2,500க்குள்ளதான மச்சான்" என்றார் மாப்பிள்ளை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது ஏறக்குறைய 2,300. ஆனால் கணக்கில் எடுப்பது இபிஎஃப், சொக்சோ பிடிக்கும் முன்புள்ள சம்பளத்தை. சம்பளச் சீட்டைப் பார்த்தேன்: அவருக்கு 1,700, தங்கச்சிக்குத் துப்புரவு வேலையில் 900. ஆக 2,600. நூறு வெள்ளி கூடிப்போனதற்குத் தொகை பாதியாகிறது. கண்ணால் பார்க்காத பணத்தால் வந்த வினை. தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

'டோக்குமென்' என்று மட்டும் போட்டிருந்தது. என்ன டோக்குமென்? தங்கச்சி பிஸ்கட் டின்னைத் திறந்து கோயிலில் கொடுத்த கல்யாணச் சான்றிதழை எடுத்தாள். அது சாமி முன்னால் செல்லும், கவுண்டரில் செல்லாது. 1982 மார்ச் முதல் கல்யாணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும், அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். நல்ல வேளை, டின்னின் அடியில் அதுவும் இருந்தது, பிள்ளைகளின் சூராட் பெரானாக்கோடு சேர்த்து மடித்து. பதியாமல் விட்டு, சூராட்டில் அப்பன் பேரே இல்லாமல் அலைகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சூராட்டைப் புரட்டும்போதுதான் அடுத்த இடி. மூன்று பிள்ளைகள், ஆனால் மூத்தவனுக்கு 19. பதினெட்டு வரைக்கும்தான் பிள்ளைக் கணக்கு. மூன்று பிள்ளை என்றால் 1,000, இரண்டு என்றால் 750. ஆக 750, அதுவும் நாலு தவணையில்.

"சரி, அவனே தனியா மனு போடட்டும்" என்றாள்.

தனி ஆளாகப் போட 21 ஆக வேண்டும் என்றேன். தங்கச்சி என்னையே பார்த்தாள்.

"அப்ப இந்த ரெண்டு வருஷம் அவன் யாரு வீட்டுப் பிள்ளண்ணே?"