பேசியது காற்றோடு போகவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போனில் இருக்கும் உதவியாளர் செயலிகளிடம் தட்டச்சு செய்து கேட்கிறவர்கள், தாங்கள் கேட்டது எங்கோ பதிவாகிறது என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள். எழுத்து கண்ணுக்கு முன்னால் நிற்கிறது அல்லவா? வாயால் பேசிக் கேட்கிறவர்கள் அப்படி நினைப்பதில்லை. போனை வைத்ததும் பேச்சு முடிந்தது, அவ்வளவுதான் என்று இருந்துவிடுகிறார்கள். பின்னால் அந்தப் பேச்சு தேவைப்பட்டால் தேடக்கூட முயல்வதில்லை. அடுத்தவர் பார்க்கக்கூடாத பேச்சாக இருந்தால் அழிக்கவும் தோன்றுவதில்லை. இரண்டுமே நட்டம்தான்.

நம் பக்கத்தில் பேசிக் கேட்கிறவர்கள் யார்? பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள், தமிழில் தட்டச்சு பழகாதவர்கள், தோட்டத்தில் கையில் மண்ணோடு நிற்பவர்கள். 2024 அக்டோபரில் ஜெமினி லைவ் தமிழிலும் பேசும் என்று கூகுள் அறிவித்த பிறகு இவர்கள் எண்ணிக்கை கூடியிருப்பதை நான் கிணத்துக்கடவிலும் பொள்ளாச்சியிலும் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கிற பேரன் பேத்திகள் எப்படிப் பேசுவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேசியது எங்கே கிடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். சுருள் வெள்ளை ஈ வந்து, மட்டைகளின் மேல் கரி பூசியது போல் கரும்பூசணம் படர்ந்துவிட்டது. தோப்பில் நின்றபடியே ஜெமினியிடம் பேசி விளக்கம் கேட்டிருக்கிறார். மைதா மாவைப் பசையாகக் கரைத்து மட்டையில் தெளித்தால் அது காய்ந்து உதிரும்போது பூசணமும் சேர்ந்து உதிரும் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், மைதா 25 கிராமுன்னு சொல்லுச்சா, 250 கிராமுன்னு சொல்லுச்சான்னு மறந்து போச்சுங்க. மறுக்கா கேட்டா வேற என்னமோ சொல்லுமோன்னு இருக்குதுங்க. அன்னைக்குச் சொன்னதையே பாக்கணும்" என்றார். நியாயமான கேள்வி.

தேடியது இப்படித்தான். ஜெமினியைத் திறந்து, மேலே இடது பக்கம் இருக்கும் கோடுகளைத் தொட்டால் பழைய உரையாடல்களின் பட்டியல் வரும். தட்டச்சு செய்ததும் பேசியதும் அந்த ஒரே பட்டியலில்தான் இருக்கும். பேசியதற்கென்று தனிப் பெட்டி கிடையாது. லைவ் பேச்சை முடித்ததும், நீங்கள் சொன்னதும் அது சொன்னதும் நாடக வசனம் போல எழுத்தாக மாறி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் போனில் அந்தப் பட்டியல் வந்தது, ஆனால் தென்னை பற்றி ஒன்றும் இல்லை. மகள் தட்டச்சு செய்து கேட்ட பாடக் கேள்விகள்தான் இருந்தன. மேலே வலது மூலையில் இருந்த வட்டப் படத்தைத் தொட்டுப் பார்த்தோம். அந்தப் போனில் இரண்டு ஜிமெயில் கணக்குகள் இருந்தன. ஒன்று போன் வாங்கியபோது போட்டது, இன்னொன்று மகன் போட்டுக்கொடுத்தது. உரையாடல்கள் போனில் சேமிக்கப்படுவதில்லை. எந்தக் கணக்கில் பேசுகிறோமோ அந்தக் கணக்கில்தான் சேரும். நம் வீடுகளில் ஒரு போனை மூன்று பேர் புழங்குகிறோம். ஆகவே ஒன்று காணவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். கணக்கை மாற்றியதும் தென்னைப் பேச்சு பட்டியலில் வந்து நின்றது.

திறந்து படித்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் என்று முதலில் பதில். அதற்குக் கீழே, பத்து லிட்டர் டேங்குக்கு எவ்வளவு என்று இவரே கேட்டிருக்கிறார். அதற்கு 250 கிராம் என்று பதில். இரண்டு எண்ணும் சரி! காதில் கேட்டது நினைவில் கலங்கிவிட்டது, எழுத்து கலங்காமல் இருந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் லிட்டருக்கு 25 கிராம்தான் என்பதையும் சரிபார்த்தே அனுப்பினேன். பதிவில் இருப்பது அது என்ன சொன்னது என்பதற்குத்தான் சான்று. சொன்னது சரியா என்பதை வேறிடத்தில்தான் பார்க்கவேண்டும்.

இங்கே எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பட்டியலில் நீங்கள் படிப்பது நீங்கள் பேசியது அல்ல, நீங்கள் பேசியதாக இயந்திரம் புரிந்துகொண்டது. எந்த நிறுவனத்தின் செயலியானாலும் இது பொருந்தும். நம் கொங்குத் தமிழில் "ங்க" சேர்த்து இழுத்துப் பேசினால், பக்கத்தில் மோட்டார் ஓடினால், எழுத்து எங்கெங்கோ போகும். "வெள்ளை ஈ" என்பதில் அந்த ஒற்றை "ஈ" விழுந்து போகலாம். சில சமயம் தமிழ்ப் பேச்சு வேறு மொழி எழுத்தில் வந்து நிற்பதும் உண்டு. அதனால் தேடும்போது உங்கள் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். பதிலில் வந்திருக்கக்கூடிய சொல்லைப் போடுங்கள். இவருடைய விஷயத்தில் "வெள்ளை ஈ" என்பதைவிட "மைதா" என்று தேடுவது மேல். அதிலும் கிடைக்காவிட்டால், எந்த நாளில் பேசினீர்கள் என்பதை வைத்துப் பட்டியலில் இறங்கிப் பாருங்கள். தலைப்பை நம்பவேண்டாம். அதை நீங்கள் வைக்கவில்லை, செயலியே வைத்தது. ஆங்கிலத்திலும் இருக்கலாம்.

சாட்ஜிபிடியிலும் பேச்சு எழுத்தாகி அதே பட்டியலில்தான் சேர்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய உரையாடல் ஒன்று திறந்திருக்கும்போதே குரல் பொத்தானை அழுத்திப் பேசினால், புதிதாக ஒன்று தொடங்காது. பேசியதெல்லாம் அந்தப் பழைய உரையாடலின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கார்டு பெயர் மாற்றம் பற்றித் தட்டச்சு செய்த உரையாடலுக்குள் மூட்டு வலி பற்றிய பேச்சு இருக்கும், தலைப்போ ரேஷன் கார்டு என்றே இருக்கும். ஆகவே அன்றைக்கு வேறு என்ன கேட்டோம் என்று நினைத்துப் பார்த்து அதற்குள் கீழே வரை போய்ப் பாருங்கள்.

பழைய கூகுள் அசிஸ்டென்ட் கதையே வேறு. "ஓகே கூகுள், நாளைக்குக் காலையில் எழுப்பு" என்று சொன்னதற்கெல்லாம் உரையாடல் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அது கூகுள் கணக்கின் வரலாற்றில் இருக்கும். போன் உலாவியில் myactivity.google.com என்று போட்டுத் திறந்து, தேதியையும் Assistant என்பதையும் தேர்ந்தெடுத்தால் நீங்கள் சொன்ன வரிகள் நாள்வாரியாக வரும். சில வரிகளில் ஒலிக்குறி இருந்தால் Details, அதற்குள் View recording என்று போய் உங்கள் குரலையே கேட்கலாம். இந்தக் குரல் சேமிப்பு 2020 முதல் நீங்களாகச் சம்மதித்தால்தான் நடக்கும். Web & App Activity என்ற பகுதியில் Include voice and audio activity என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அலெக்சா வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையை அலெக்சா செயலியில் More, Alexa Privacy, Review Voice History என்ற வழி செய்யும்.

ஆக, எழுத்து ஒரு சங்கதி, குரல் வேறொரு சங்கதி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். சாட்ஜிபிடியில் இப்போதைய குரல் முறையில் பேசினால், அந்த உரையாடல் இருக்கும்வரை ஒலியும் எழுத்தோடு சேர்ந்து சேமிப்பில் இருக்கும். உரையாடலை அழித்தால் 30 நாளுக்குள் ஒலியையும் நீக்குவதாக நிறுவனம் சொல்கிறது. அந்த ஒலியைப் பயிற்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது Settings, Data controls பகுதியில் தனி அமைப்பு. ஜெமினியில் வட்டப் படத்தைத் தொட்டால் Gemini Apps Activity என்றோ, புதிய பதிப்பில் Keep Activity என்றோ இருக்கும். அது திறந்திருந்தால், நாம் மாற்றாதவரை, உரையாடல்கள் 18 மாதம் இருக்கும். அதை அணைத்திருந்தால் உரையாடல் பட்டியலில் வராது, ஆனால் 72 மணி நேரம் வரை நிறுவனத்திடம் இருக்கும். "நான் பேசியது எதுவுமே பட்டியலில் இல்லையே" என்பவர்கள் கணக்கைப் பார்த்த பிறகு இதைப் பார்க்கவேண்டும். அணைந்திருந்த நாட்களில் பேசியதைப் பிறகு திறந்து மீட்க முடியாது.

தேடுவதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு அம்மா, டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் சங்கதியைப் போனிடம் பேசிக் கேட்டிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில். அது எழுத்தாகி, தலைப்போடு பட்டியலில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் போனை மருமகனும் எடுப்பார். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: பட்டியலில் அந்தத் தலைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் Delete வரும், அழித்துவிடுங்கள். வீட்டாரின் கண்ணுக்கு இது போதும். நிறுவனத்திடமிருந்து முழுவதுமாகப் போயிற்றா என்றால், ஜெமினியில் மனிதர்கள் சோதித்துப் பார்த்த உரையாடலாக இருந்தால் கணக்கோடு தொடர்பு அறுத்து மூன்று ஆண்டு வரை வைத்திருப்போம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் பெயர், ஊர், ஆதார் எண் இதையெல்லாம் வாயால்கூடச் சொல்லவேண்டாம் என்றேன்.

இதில் நிறுவனங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வாசிக்க வராத, கண் மங்கிய ஒருவருக்காகத்தான் குரல் வசதி என்கிறார்கள். அந்த மனிதர் பேசியதைப் பார்க்கவும் அழிக்கவும் மட்டும் ஆங்கில மெனு நான்கைத் தாண்டிப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டியிருக்கிறது. பேச்சு முடிந்ததும் "இது இந்தத் தலைப்பில், இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, வைக்கட்டுமா அழிக்கட்டுமா" என்று தமிழில் ஒரு வரி வாயால் சொன்னால் என்ன? இவ்வளவு பேசுகிற கருவிக்கு அது ஒரு பெரிய வேலையா? அது வரும்வரை, பேரப்பிள்ளைகளே, உங்கள் அப்பத்தாவுக்கும் அப்புச்சிக்கும் பேசக் கற்றுக்கொடுக்கும் அன்றைக்கே அந்தப் பட்டியலையும் திறந்து காட்டுங்கள். எந்தக் கணக்கில் பேசுகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் போன் உறைக்குள் வைத்துவிடுங்கள்.