பில்டருக்கு எழுதுற ஒப்படைப்பு லெட்டர்: முதல்ல கார்பஸ் கணக்கைக் கேளுங்க

புது அபார்ட்மென்ட்ல குடி வந்து ஒரு வருஷம் ஆச்சு, மெயின்டனன்ஸ் இன்னும் பில்டர் கையிலதான் இருக்குன்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

பில்டருக்கு எழுதுற லெட்டர் பலது நானும் பார்த்திருக்கேன். "லிஃப்ட் அடிக்கடி நிக்குது, பார்க்கிங்ல தண்ணி தேங்குது, ஜிம் இன்னும் திறக்கல, சீக்கிரம் அசோசியேஷன் கிட்ட ஒப்படைங்க"ன்னு நாலு பக்கம் இருக்கும். பில்டர் ஆபீஸ்ல அதைப் படிக்கிறவர் ஒரு பிளம்பரை அனுப்பிட்டு ஃபைலை மூடிடுவார். என் கருத்து என்னன்னா, இந்த லெட்டர் புகார் லெட்டரா இருக்கக் கூடாது, கணக்கு கேட்கிற லெட்டரா இருக்கணும். லிஃப்ட் ரிப்பேரை அப்புறமும் வாங்கிக்கலாம். பணம் எங்க இருக்குன்னு தெரியாம சாவியை வாங்கினா, அந்தப் பணம் வர்றது ரொம்பக் கஷ்டம்.

பணம்னு நான் சொல்றது ரெண்டு. ஒண்ணு கார்பஸ் ஃபண்ட். பத்து வருஷம் கழிச்சு லிஃப்ட் மாத்தறது, பெயின்ட் அடிக்கிறது மாதிரி பெரிய செலவுக்காக நாம புக்கிங் நேரத்துல கொடுத்த மொத்தத் தொகை. இன்னொண்ணு முதல் வருஷ மெயின்டனன்ஸ் அட்வான்ஸ். ரெண்டும் பில்டரோட அக்கவுண்ட்லதான் கிடக்குது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஓஎம்ஆர் பக்கம் 96 ஃப்ளாட் இருக்கிற ஒரு பிராஜெக்ட்னு வச்சுக்கோங்க. எல்லா ஃப்ளாட்டும் 1,100 சதுர அடி. 82 வித்தாச்சு, 14 இன்னும் விக்கல. 2024 மார்ச்ல நிறைவுச் சான்றிதழ் வந்துடுச்சு. கார்பஸ் சதுர அடிக்கு 50 ரூபாய், அதாவது ஒரு ஃப்ளாட்டுக்கு 55,000. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாய், மாசம் 3,300. ஒரு வருஷத்துக்கு 39,600 அட்வான்ஸ், அதுக்கு மேல ஜிஎஸ்டி. 82 பேர் கொடுத்த கார்பஸ் மட்டும் 45,10,000 ரூபாய். மெயின்டனன்ஸ் அட்வான்ஸ் 32,47,200.

2025 மார்ச்ல முதல் வருஷம் முடியுது. பில்டர் ஒரு பக்கத்துல கணக்கு கொடுக்கிறார்: மாசச் செலவு 3,20,000, பன்னிரண்டு மாசத்துக்கு 38,40,000, வசூல் ஆனது 32,47,200, பற்றாக்குறை 5,92,800. "இதைக் கார்பஸ்ல கழிச்சுட்டு மீதியைத் தர்றேன்"னு ஒரு வரி. பார்க்க ரொம்ப நியாயமாத்தான் தெரியும். பொதுக்குழுவுல பாதிப் பேர் "சரி விடுங்க, வாங்கிடலாம்"னு சொல்லிடுவாங்க.

இப்ப அந்த 14 விக்காத ஃப்ளாட்டைப் பாருங்க. அதுக்கு ஓனர் பில்டர்தான். அந்த ஃப்ளாட் இருக்கிற மாடிக்கும் லிஃப்ட் ஓடுது, செக்யூரிட்டி நிக்கிறாரு, காரிடார்ல லைட் எரியுது. அந்த 14-க்கு வருஷ மெயின்டனன்ஸ் 5,54,400 ரூபாய். அவர் காட்டின பற்றாக்குறையில கிட்டத்தட்ட முழுசும் அவரே கட்டாத பங்கு! மிச்சம் 38,400 தான். வவுச்சரைப் புரட்டினா அந்த 38,400-க்குள்ள மொட்டை மாடி லீக் அடைச்ச பில் ஒண்ணு இருக்க வாய்ப்பு அதிகம். அது மெயின்டனன்ஸ் செலவே இல்லை. ரெரா சட்டம் 14(3) பிரிவுப்படி, ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள வர்ற கட்டுமானக் குறையை, சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் தன் செலவுல சரி பண்ணணும்.

சில அக்ரிமென்ட்ல "விற்காத வீடுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை"ன்னு பொடி எழுத்துல ஒரு கிளாஸ் இருக்கும். லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி உங்க கட்டுமான ஒப்பந்தத்தை எடுத்து அதைப் பாருங்க. அப்படி இருந்தாலும் கார்பஸ்ல கை வைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். கார்பஸ் எதுக்கு வாங்கினதுன்னு அதே ஒப்பந்தத்துல எழுதியிருக்கும், மாசச் செலவு அதுல வராது.

அடுத்தது வட்டி. 45,10,000 ரூபாய்க்கு ஆறரை சதவீதம் வச்சாலும் வருஷம் 2,93,150, அதாவது மாசம் 24,400-க்கு மேல. நிறைய ஒப்பந்தத்துல "வட்டியின்றித் திருப்பித் தரப்படும்"னு போட்டிருப்பாங்க. அப்படின்னா ஒவ்வொரு மாசத் தாமதமும் அவருக்கு லாபம். அவசரமே இல்லாம ஏன் இழுக்கிறாங்கன்னு இப்ப புரியுதா? அதனால கார்பஸ் தனி எஃப்டியில இருக்கா, யாரோட பான் நம்பர்ல இருக்குன்னு எழுத்துல கேளுங்க. பொது அக்கவுண்ட்லயே கலந்து கிடந்து, நாளைக்குக் கம்பெனி திவாலானா, கடன் கொடுத்தவங்க வரிசையில நாமளும் ஒருத்தரா நிக்க வேண்டியதுதான்.

ஜிஎஸ்டியும் இருக்கு. பில்டர் வசூலிக்கிற மெயின்டனன்ஸுக்கு 18 சதவீதம். 3,300-க்கு 594 ரூபாய். லாப நோக்கமில்லாத சங்கம் தன் உறுப்பினர் கிட்ட மாசம் 7,500 வரைக்கும் வாங்கினா வரி இல்லை. ஆனா முழு 594-ம் மிச்சம்னு நினைக்காதீங்க. செக்யூரிட்டி ஏஜென்சி, லிஃப்ட் ஏஎம்சி பில்லுல வர்ற ஜிஎஸ்டியைச் சங்கம் கட்டித்தான் ஆகணும், பில்டர் மாதிரி இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. அப்படியும் மாசா மாசம் ஒரு தொகை நிக்கும்.

சட்டம் நம்ம பக்கம் எவ்வளவு இருக்கு? ரெரா 11(4)(e) பிரிவு, சங்கம் அமைய வழி பண்றது பில்டரோட கடமைன்னு சொல்லுது. மாநிலச் சட்டத்துல வேற கெடு இல்லாட்டி, பாதிக்கு மேல புக் ஆன மூணு மாசத்துக்குள்ள அது நடக்கணும். "எல்லாம் வித்த பிறகுதான் அசோசியேஷன்"னு சேல்ஸ் ஆள் சொல்றதுக்கு இதுல இடமே இல்லை. 17(2) பிரிவுப்படி, வேற சட்டம் கெடு சொல்லாத இடத்துல, நிறைவுச் சான்றிதழ் வந்த 30 நாளுக்குள்ள ஆவணங்களும் வரைபடங்களும் சங்கத்துக்கு வரணும். சங்கம் ஏத்துக்கிற வரைக்கும் நியாயமான கட்டணத்துல பராமரிக்கிறது 11(4)(d)-படி அவரோட பொறுப்பு. நமக்கும் ஒரு கடமை இருக்கு: 19(9), சங்கம் அமைக்கிறதுல வாங்கினவங்க பங்கெடுக்கணும்.

இங்கதான் நாம சொதப்புறோம். "உங்களுக்குச் சங்கமே இல்ல, அக்கவுண்ட் இல்ல, யாருக்கு நான் பணம் அனுப்புறது?"ன்னு பில்டர் கேட்டா பதில் இருக்காது. அதனால லெட்டருக்கு முன்னாடியே பொதுக்குழு கூட்டி, தற்காலிகக் குழு தேர்ந்தெடுத்து, மினிட்ஸ்ல கையெழுத்து வாங்கிடுங்க. பைலாவைப் பக்கத்து அபார்ட்மென்ட்ல இருந்து அப்படியே காப்பி அடிக்காதீங்க. அது 1975 சங்கப் பதிவுச் சட்டத்துக்காக எழுதினதா இருக்கும். இப்ப தமிழ்நாட்டுல 2022-ம் வருஷ அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் 2024 விதிகளும் இருக்கு, அதுக்கு ஏத்த மாதிரி வக்கீல் கிட்ட எழுதி வாங்குங்க. பதிவு, பான், பேங்க் அக்கவுண்ட், இந்த வரிசையிலதான் வரும்.

இனி லெட்டர். ஒரே பக்கம் போதும். நம்ம உதாரணத்துக்கு நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: உரிமையாளர் சங்கம், பொதுப் பகுதி மற்றும் நிதி ஒப்படைப்பு.

எங்கள் குடியிருப்புக்கு 2024 மார்ச்சில் நிறைவுச் சான்றிதழ் கிடைத்துள்ளது. 82 வீடுகள் விற்பனையாகிவிட்டன. உரிமையாளர்கள் கூடித் தேர்ந்தெடுத்த குழுவின் தீர்மானம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

31.03.2025 வரையிலான பராமரிப்பு வரவு செலவுக் கணக்கை, வவுச்சர்கள் மற்றும் வங்கி அறிக்கையுடன், பட்டயக் கணக்காளர் சான்றளித்து 15 நாட்களுக்குள் தரவும். விற்பனையாகாத 14 வீடுகளுக்கான பராமரிப்புத் தொகை ரூ.5,54,400-ஐ அதில் வரவாகக் காட்டவும். கட்டுமானக் குறைகளைச் சரிசெய்த செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டவும்.

கார்பஸ் நிதி ரூ.45,10,000 எந்த வங்கியில், எந்தக் கணக்கில் உள்ளது என்பதைத் தெரிவித்து, எந்தக் கழிவும் இன்றி 30 நாட்களுக்குள் சங்கக் கணக்குக்கு மாற்றவும். மேற்படி 14 வீடுகளுக்கான கார்பஸ் ரூ.7,70,000-ஐயும் அத்துடன் செலுத்தவும்.

பொதுப் பகுதிகளைக் கூட்டாக ஆய்வு செய்ய ஒரு தேதி தரவும். ஆய்வில் காணும் குறைகள் நிலுவையில் உள்ளன என்ற குறிப்புடன்தான் பொறுப்பேற்போம்."

அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். ஒப்படைப்பு அன்னைக்கு பில்டர் ஒரு ரெடிமேட் தாள் நீட்டுவார். "எல்லாம் திருப்திகரமாகப் பெற்றுக்கொண்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு இருக்கும். கையெழுத்துப் போடாதீங்க. குறைப் பட்டியலை இணைச்சு, அதைக் குறிப்பிட்டு மட்டும் போடுங்க.

ஆய்வுன்னா சும்மா சுத்திப் பார்க்கிறது இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மெயினை ஆஃப் பண்ணி, ரெண்டு லிஃப்ட்டும் பம்ப்பும் ஓடும்போது ஜெனரேட்டர் தாங்குதான்னு பாருங்க. மேல் மாடி ஹைட்ரன்ட்டைத் திறந்து தண்ணி வேகமா வருதான்னு பாருங்க. எஸ்டிபி தண்ணியைக் கிளாஸ்ல பிடிச்சு மோந்து பாருங்க, கூச்சப்படாதீங்க.

யூடிஎஸ் நம்ம பேர்ல பத்திரம் ஆயிடுச்சு, அதனால எல்லாமே நம்ம கைக்கு வந்துடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பொது ஈபி கனெக்ஷன், அதுக்குக் கட்டின டெபாசிட், லிஃப்ட் லைசென்ஸ், ஏஎம்சி, எல்லாம் இன்னும் பில்டர் பேர்லதான் இருக்கும். பேர் மாத்தறதுக்கான கடிதங்களை அதே நாள்ல கையெழுத்து வாங்குங்க.

லெட்டரை ரெரா பதிவுல இருக்கிற பில்டர் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, டெலிவரி ஆன ஆதாரத்தை எடுத்து வைங்க, ஈமெயிலும் போடுங்க. கையெழுத்து குழுவோடதா இருக்கணும். தனி ஆள் போட்டா, அவரை மட்டும் கூப்பிட்டு ஒரு கார் பார்க்கிங் கொடுத்துச் சமாதானம் பண்ற வித்தை எல்லா ஊர்லயும் உண்டு.

30 நாள் தாண்டியும் பதில் இல்லாட்டி, தமிழ்நாடு ரெரா ஆணையத்துல படிவம் எம்-ல சங்கத்தின் பேர்லயே புகார் கொடுக்கலாம். 31-வது பிரிவு அதுக்கு இடம் கொடுக்குது. அப்ப இந்த லெட்டர், டெலிவரி ஆதாரம், பில்டர் கொடுத்த ஒரு பக்கக் கணக்கு, மூணையும் சேர்த்து வைங்க. அவர் தானே கைப்பட எழுதிக் கொடுத்த அந்த 5,92,800-க்குப் பக்கத்துல உங்க 14 ஃப்ளாட் கணக்கை வச்சா, வாதத்துக்கு வேற பெரிசா ஒண்ணும் தேவைப்படாது.