கையில் கேமரா: முந்தானைக் குஞ்சம் எங்கே போச்சு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுச்சேரி சஃப்ரன் வீதிப் பக்கம் போனால், மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் போட்டோவுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். கல்யாண ஜோடி, பிறந்தநாள் குழந்தை, காலேஜ் நண்பர்கள் என்று ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜன்னலுக்கு இரண்டு குடும்பம் போட்டி போடுவதும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒரு சித்தி, அவருடைய அக்கா பெண், அந்தப் பெண்ணின் தம்பி என மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சித்தி வீட்டிலிருந்தே புடவை விற்பவர். கடை கிடையாது, வாட்ஸ்அப்பில் போடும் போட்டோதான் கடை. அன்றைக்கு விற்க வேண்டியது மயில் கழுத்து நிற ஆர்கன்சா புடவை. மெல்லிய ஜரிகை பார்டர், முந்தானை ஓரத்தில் கையால் கட்டிய குஞ்சம். அந்தக் குஞ்சத்துக்கு மட்டும் தனிக்கூலி கொடுத்திருக்கிறார். அக்கா பெண் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நிற்க, தம்பி போனில் Portrait-ஐத் தட்டிப் படமெடுக்கிறான். திரையில் பார்க்கும்போது பிரமாதமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து குரூப்பில் போட்டதும் முதல் கேள்வி வருகிறது: “அக்கா, முந்தானையில குஞ்சம் வெக்கலையா?”

சித்தி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். “டேய், குஞ்சம் எங்கடா போச்சு?”

“இருந்துச்சே சித்தி, நான்தான் பார்த்து எடுத்தேனே!”

குஞ்சம் இருந்தது உண்மை. போன்தான் அதையும் சுவர் என்று நினைத்து மங்கலாக்கிவிட்டது.

பெரிய கேமராவில் பின்னணி மங்குவது லென்ஸின் இயல்பு. 50 மில்லிமீட்டர் லென்ஸை f/1.8-இல் வைத்து, 2 மீட்டர் தள்ளி நிற்பவரைப் படமெடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு ஜாணுக்கும் குறைவு. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் தூரத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். போனில் இருப்பது பொட்டு அளவு லென்ஸ். அதே 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஆளும் தெரியும், பின்னால் இருக்கும் கதவும் தெரியும், கதவில் மாட்டிய பூட்டும் தெரியும். எல்லாமே தெளிவு. அதனால் போன் மங்கலைத் தானாகவே வரைந்தாக வேண்டும்.

அப்படி வரைவதற்கு முன்னால் எது கிட்டே, எது தூரத்தில் என்று அதற்குத் தெரிய வேண்டும். 2016-இல் வந்த ஐபோன் 7 பிளஸ் இதற்காக இரண்டு லென்ஸ் வைத்துக்கொண்டது. நாம் ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடினால் முகத்துக்கு நேரே நீட்டிய விரல் இடம் மாறுகிற மாதிரி தெரியும் இல்லையா, அதே கணக்கு. அடுத்த வருடம் வந்த கூகுள் பிக்ஸல் 2 ஒரே லென்ஸில் இதைச் செய்தது. லென்ஸின் இடப்பாதியும் வலப்பாதியும் பார்க்கும் காட்சிக்கு இடையிலுள்ள, ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாத வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, ‘இது மனித உருவம்’ என்று அடையாளம் காணும் மென்பொருளையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய போன்கள் பெரும்பாலும் இந்த வழிகளில் ஏதாவது ஒன்றையோ, கலந்தோ பயன்படுத்துகின்றன.

இப்படிக் கிடைக்கும் தூரக் கணக்கு படத்தின் அளவுக்கு நுணுக்கமானது இல்லை. முகம், தோள், இடுப்பு மாதிரி பெரிய வடிவங்களுக்கு அது போதும். நூல் நூலாகத் தொங்கும் குஞ்சத்துக்குப் போதாது. கூடவே இன்னொரு சிக்கல், பாண்டிச்சேரியின் பெருமையான அந்த மஞ்சள் சுவர். மொழுமொழுவென்று ஒரே நிறத்தில் இருக்கும் பரப்பில் இரண்டு பார்வையையும் ஒப்பிட்டுப் பார்க்கப் புள்ளியோ கோடோ கிடைக்காது. போன் உத்தேசமாகத்தான் முடிவு செய்யும். அந்த உத்தேசம் தப்பும் இடம் பெரும்பாலும் துணியின் ஓரம்.

தம்பி எடுத்த படத்தை இப்போது விளிம்போடு விளிம்பாகப் பார்க்கலாம். தோளில் ஆரம்பித்து விரலால் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், நாலு இடத்தில் குட்டு வெளிப்படுகிறது.

இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் அல்லவா, கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள முக்கோண இடைவெளியில் சுவர் பளிச்சென்று தெளிவாக இருக்கிறது. கைக்கு வெளியே அதே சுவர் மங்கல். தோள் ஓரத்தில் மயில் கழுத்து நிறம் சுவர் மேல் புகை மாதிரி கசிந்திருக்கிறது. மங்கலாக்கும்போது துணியின் நிறத்தையும் சேர்த்துக் கலக்கியதால் வந்த கறை அது. முந்தானை ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் முடிந்துவிடுகிறது. குஞ்சம் போன இடம் இதுதான்.

நாலாவது, ஆர்கன்சாவுக்கே உரிய வம்பு. துணி வழியாகப் பின்னால் இருக்கும் ஜன்னலின் மரப்பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. துணிக்கு வெளியே அதே ஜன்னல் கரைந்து கிடக்கிறது. நிஜ லென்ஸில் இது நடக்காது. துணி தெளிவாகவும், துணி வழியே தெரியும் ஜன்னல் மங்கலாகவும் விழும். போனின் தூரக் கணக்கில் ஒரு புள்ளிக்கு ஒரு தூரம்தான் எழுத முடியும். துணியும் ஜன்னலும் ஒரே புள்ளியில் இருந்தால் அது ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் மெல்லிய துணியில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நாலையும் தாண்டி ஒரு விஷயம் கண்ணை உறுத்துகிறது. ஆனால் என்னவென்று சட்டெனச் சொல்ல வராது. அவள் நிற்பது சுவரிலிருந்து ஓர் அடி தூரத்தில். ஆனால் சுவர் பத்தடி பின்னால் இருப்பதுபோல் மங்கியிருக்கிறது. முன்பு சொன்ன 50 மில்லிமீட்டர் கணக்கையே போட்டுப் பார்த்தால், 30 சென்டிமீட்டர் பின்னால் உள்ள சுவருக்குக் கிடைக்கும் மங்கல், 3 மீட்டர் பின்னால் உள்ள சுவருக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். படத்தில் அவளுடைய நிழல் சுவரில் விழுந்திருக்கிறது, முந்தானை சுவரை உரசுகிறது. பக்கத்தில் இருக்கிறாள் என்று நிழல் சொல்கிறது, தூரத்தில் இருக்கிறாள் என்று மங்கல் சொல்கிறது. ‘ஒட்டு வேலை’ என்று பார்ப்பவர் மனதுக்குப் படுவது அதனால்தான். சுவரில் சாய்ந்து எடுக்கும் படத்துக்கு Portrait தேவையே இல்லை. சாதாரண போட்டோவே அழகு.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே வீதி. இந்த முறை சித்தியும் தம்பியும் நிற்கும் இடத்தை மாற்றுகிறார்கள். அவளைச் சுவரிலிருந்து நாலு எட்டு, அதாவது 3 மீட்டராவது முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தம்பி 2 மீட்டர் தள்ளி நிற்கிறான். தூரத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் போன் குழம்புவது பாதியாகக் குறைந்துவிடும். ஜன்னலுக்கு நேரே நிற்காமல், வெறும் சுவருக்கு நேரே நிற்கச் சொல்கிறார்கள். ஆர்கன்சா வழியே தெரிவதும் மஞ்சள், வெளியே இருப்பதும் மஞ்சள் என்றால், உள்ளே மங்கவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. போனுக்குத் தொல்லை கொடுக்கும் மொழுமொழு சுவர், மெல்லிய புடவைக்கு இப்படி ஒரு உதவியும் செய்கிறது.

“கையை இடுப்புல வெக்காத, தொங்கவிடு” என்கிறார் சித்தி. இடைவெளி இல்லையென்றால் தப்பவும் இடமில்லை.

முந்தானைதான் முக்கியம். காற்றில் பின்னால் பறக்கவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உடம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் போன ஓரம், நிஜ லென்ஸிலேயே தெளிவாக விழாது. சுவருக்குக் கிடைக்கும் மங்கலில் கால் பங்குக்கு மேல் அதற்கும் கிடைக்கும். போனோ அதை முழுத் தெளிவாக வைக்கும், இல்லாவிட்டால் வெட்டி எறியும். நடுவில் நிற்கத் தெரியாது. அதனால் முந்தானையைப் பின்னால் விடாமல், கையில் எடுத்து உடம்புக்குப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கிறாள். தோள், கை, பார்டர், குஞ்சம் எல்லாம் போனிலிருந்து ஒரே தூரம். கடற்கரைச் சாலையில் எடுப்பவர்களுக்கு இந்த யோசனை சரிப்படாது. அங்கே அடிக்கும் காற்றில் முந்தானை யார் சொல்லையும் கேட்காது.

படம் எடுத்த பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஐபோனில் Edit-ஐத் தொட்டால் f என்ற அடையாளம் வரும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் மங்கலைக் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்று உண்டு. தம்பி வைத்திருந்தது f/1.4. அதை f/4 அல்லது f/5.6-க்குக் கொண்டுவந்ததும், ஓரத்தின் பிசிறுகள் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. மங்கல் கூடக் கூட வெட்டு தெரியும், குறையக் குறைய மறையும். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்; ‘டி.எஸ்.எல்.ஆர் மாதிரி’ வர வேண்டும் என்று கோட்டைக் கடைசி வரை இழுத்துவிடுகிறார்கள்.

அப்படியும் குஞ்சத்தில் இரண்டு நூல் காணாமல் போயிருந்தால் Lightroom-இல் Lens Blur பகுதிக்குப் போகலாம். அங்கே Focus, Blur என்று இரண்டு பிரஷ் இருக்கும். Focus பிரஷைச் சின்னதாக்கி, குஞ்சத்தின் மேல் ஒவ்வொரு நூலாகத் தடவினால் அது திரும்பி வரும். போன் மூலப்படத்தையும் வைத்திருந்தால்தான் இது நடக்கும். மங்கலான பிரதியை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு யாராலும் அதை மீட்க முடியாது. தடவும்போது நூலைத் தாண்டிச் சுவரிலும் பட்டுவிட்டால், குஞ்சத்தைச் சுற்றித் தெளிவான ஒரு வளையம் விழும். அதை Blur பிரஷால் திருப்பித் துடைக்க வேண்டும். ஒரு முந்தானைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

சாயங்காலம் வெளிச்சம் குறைந்த பிறகு எடுத்த படமென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புடவையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். மங்கலாக்கிய சுவரோ மெழுகு பூசினாற்போல் வழுவழுப்பாக இருக்கும். ஓரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். Lightroom-இல் Grain-ஐச் சிறிதளவு ஏற்றினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். காலையில் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சித்தி கடைசியில் இரண்டு படம் போடுகிறார். ஒன்று, அக்கா பெண் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, லேசான மங்கலுடன். இன்னொன்று, முந்தானையைத் திண்ணையில் விரித்துப் போட்டு, எந்த மோடும் இல்லாமல், நேர் மேலிருந்து எடுத்தது. விற்பனைக்கு இரண்டாவது படம் கட்டாயம். வாங்குகிறவர் நூலைப் பார்க்க வேண்டும், பின்னணியை அல்ல.

பதினைந்து நிமிடத்தில் பதில் வருகிறது: “அக்கா, குஞ்சம் கையால கட்டினதா, மெஷினா?”